18 எம்.பி.க்களின் பலம், 404 எம்.பி.க்களின் மௌனம்

1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் மத்திய அரசு கவிழ்ந்தது.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரிசா முதல்வரான கிரிதர் கமாங், தன் எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்து டெல்லிக்கு வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைஃபுதீன் சோஸ் தன் கட்சியின் கொறடா உத்தரவையே மீறினார். எதிர்க்கமாட்டார்கள் என்று நம்பியிருந்த பகுஜன் சமாஜ் கட்சியின் 5 பேர் கடைசி நேரத்தில் எதிர்த்தார்கள். ஆனால் இவர்களெல்லாம் கதையின் கடைசிப் பக்கத்தில் வருகிறவர்கள். வாக்கெடுப்பே வரக் காரணம், சில நாட்களுக்கு முன்பு அ.தி.மு.க. தன் 18 எம்.பி.க்களோடு ஆதரவை வாபஸ் வாங்கியதுதான்.

கூட்டணி ஆட்சி என்றாலே நிலையற்றது என்று சொல்கிறவர்கள் முதலில் எடுத்துப் போடும் உதாரணம் இது. உதாரணம் சரிதான், அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் கோளாறு. 1998 மார்ச்சில் அதே வாஜ்பாய் நம்பிக்கை ஓட்டில் 274-க்கு 261 என்று ஜெயித்திருந்தார். அதாவது இடைவெளி 13. அ.தி.மு.க.வின் பலமோ 18. அந்தக் கட்சி இல்லாமல் அன்று பெரும்பான்மை கிடையாது. ஆகவே கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் பதவிநீக்கம் செய்யப்பட்டது போன்ற எந்த விவகாரத்தையும் அந்த ஒரே கட்சி ஆட்சிக்கு உயிர்ப் பிரச்சினையாக்கிவிட முடிந்தது. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்ற நெருக்குதலும் இதோடு சேர்ந்தே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், வாக்கெடுப்பு நாளில் தி.மு.க. வாஜ்பாயை ஆதரித்து ஓட்டளித்தது.

இதற்கடுத்த ஆட்சியைப் பாருங்கள். 1999 தேர்தலிலும் பா.ஜ.க.வுக்குக் கிடைத்தது அதே 182 இடங்கள்தான். ஒன்றுகூட ஏறவில்லை. பிரதமர் அதே ஆள், கூட்டணிக் கட்சிகள் முன்பைப் போலவே ஏகப்பட்டவை. ஆனால் இந்த முறை அணியின் பலம் 300-ஐ ஒட்டி இருந்தது. தேவை 272. வெளியிலிருந்து ஆதரித்த தெலுங்கு தேசத்தைத் தவிர வேறெந்த ஒரு கூட்டாளியும் தனியாகக் கோபித்துக்கொண்டு போய் ஆட்சியைக் கவிழ்த்துவிட முடியாது. 2003 டிசம்பரில் தி.மு.க. வெளியேறிப் பார்த்தது. அரசு அசையவில்லை. தேர்தலைச் சில மாதங்கள் முன்கூட்டி நடத்தியதும் வாஜ்பாய் அரசு தானாக எடுத்த முடிவு.

கூட்டணியில் எத்தனை கட்சிகள் என்பதைவிட, யார் ஒருவர் விலகினால் கணக்கு உடையும் என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பெரும்பான்மைக்குச் சரியாகப் போதுமான கட்சிகளை மட்டும் சேர்த்துக்கொண்டால் பதவிகளைப் பங்குபோடுவது சுலபம். ஆனால் ஒவ்வொரு கூட்டாளியும் உயிர்நிலையில் உட்கார்ந்திருப்பார். தேவைக்கு அதிகமாகச் சேர்த்தால் பங்கு குறையும், மிரட்டலும் குறையும். இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: விலகுகிறவருக்கு விலகுவதால் என்ன நஷ்டம்? 2006-இல் 234 இடங்களில் 96 மட்டுமே ஜெயித்த தி.மு.க. ஐந்து ஆண்டும் தனியாகவே அமைச்சரவை நடத்தியதே, எப்படி? வெளியிலிருந்து ஆதரித்த காங்கிரஸுக்கு டெல்லியில் தி.மு.க. எம்.பி.க்கள் தேவைப்பட்டார்கள். 'மைனாரிட்டி அரசு' என்று ஜெயலலிதா மேடைக்கு மேடை சொன்னது எண்ணிக்கைப்படி உண்மை. ஆட்சி மட்டும் விழவில்லை.

அரசைக் கவிழ்த்தவர்கள் மாற்று அரசை அமைக்க முடியாமல் போவதுதான் உண்மையான ஆபத்து. 1999-இல் அதுவும் நடந்தது. தங்களுக்கு 272 பேர் இருப்பதாக சோனியா காந்தி சொன்னார்; முலாயம் சிங் கைவிரித்துவிட்டார். அவை கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் செப்டம்பர், அக்டோபரில்தான். நடுவில் மே முதல் ஜூலை வரை கார்கில் போர். நாடாளுமன்றத்தின் நம்பிக்கையை இழந்த ஒரு காபந்து அரசு, கேள்வி கேட்க மக்களவையே இல்லாத நேரத்தில், ஒரு போரை நடத்தி முடித்தது.

ஜெர்மனியில் இதற்கு ஒரு பூட்டு உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே அரசுகளைக் கவிழ்க்கப் பல கட்சிகள் கைகோத்தன, புதிய அரசை அமைக்க மட்டும் கைகோக்கவில்லை. அந்த அனுபவத்தில், 1949 அரசியல் சட்டத்தில் ஒரு விதியை வைத்தார்கள்: புதிய பிரதமராக இன்னாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று பெரும்பான்மையோடு ஓட்டுப் போட்டால்தான் பழையவரை அவை நீக்க முடியும். 1972-இல் வில்லி பிராண்டை நீக்க முயன்ற ரைனர் பார்சலுக்கு 249 ஓட்டு தேவைப்பட்டது, 247 கிடைத்தது, பிராண்ட் தப்பினார். 1982-இல் கூட்டாளிக் கட்சி அணி மாறியபோது அதே விதிப்படி ஹெல்முட் ஷ்மிட் இறங்க, ஹெல்முட் கோல் அதே ஓட்டில் பதவிக்கு வந்தார். நம் நாட்டிலும் இப்படியொரு ஏற்பாடு வேண்டும் என்று வெங்கடாசலையா ஆணையம் 2002-இல் பரிந்துரைத்தது. அதை யாரும் சீந்தவில்லை. பூட்டுக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 நவம்பரில் ஷோல்ஸின் மூன்று கட்சிக் கூட்டணி உடைந்தபோது அந்த விதியால் அதை ஒட்டவைக்க முடியவில்லை. டிசம்பரில் அவரே நம்பிக்கை ஓட்டு கோரித் தோற்று, தேர்தலுக்கு வழிவிட்டார்.

நிலைத்தன்மையை விடுங்கள், அதைச் சட்டத்தால் ஓரளவு சரிக்கட்டலாம். எனக்கு அதிகம் உறுத்துவது மற்ற கேள்வி: ஆட்சியில் இருப்பவர்களை யார், எப்போது கணக்குக் கேட்பது?

1984 டிசம்பரில் ராஜீவ் காந்தியின் காங்கிரஸுக்கு 404 இடங்கள். கவிழுமோ என்ற பேச்சுக்கே இடமில்லை. வந்த சில வாரங்களில் கட்சித் தாவல் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆள் பிடிக்கும் அரசியலைத் தடுக்கத்தான் அது வந்தது. ஆனால் கொறடாவை மீறி ஓட்டுப் போட்டால் எம்.பி. பதவியே போய்விடும் என்றும் ஆனது. 404 பேர் இருந்தும் தனியாகக் கைதூக்கத் துணிய ஒருவருக்கும் வழியில்லை.

1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி போஃபர்ஸ் பீரங்கி பேரத்தில் லஞ்சம் கைமாறியதாகச் சொன்னது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைத்தார்கள். முக்கிய எதிர்க்கட்சிகள் அதைப் புறக்கணித்ததால், குழுவில் பெரும்பாலோர் ஆளுங்கட்சியினரும் அதற்கு அனுசரணையானவர்களும்தான். 1988-இல் வந்த அறிக்கை அரசுக்குச் சாதகமாக இருந்தது. அதில் ஒரே ஒரு மறுப்புக் குறிப்பு இருந்தது. எழுதியவர் ஆலடி அருணா, அ.தி.மு.க.காரர். அன்று காங்கிரஸின் நட்புக் கட்சியாக அறியப்பட்டது அ.தி.மு.க. அந்தக் குழுவில் காங்கிரஸ் கொறடா எட்டாத தூரத்தில் இருந்தவர்தான் எதிர்த்து எழுத முடிந்தது. கட்சிக்குள் இருந்துகொண்டே முரண்பட்ட வி.பி.சிங் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார்.

கணக்குத் தீர்க்கப்பட்டது 1989 நவம்பரில். காங்கிரஸ் 197-க்கு இறங்கியது. தனிக்கட்சி ஆட்சியில் பொறுப்பு இப்படித்தான் வேலை செய்கிறது: தாமதமாக வரும், ஆனால் யாரைத் தண்டிப்பது என்பதில் வாக்காளருக்குக் குழப்பம் இருக்காது.

கூட்டணியில் நிலைமை ஏறத்தாழ நேரெதிர். ஸ்பெக்ட்ரம் விவகாரம் வெடித்தபோது, 2011 பிப்ரவரியில் தொலைக்காட்சி ஆசிரியர்களிடம் பேசிய மன்மோகன் சிங், கூட்டணியில் சில சமரசங்கள் செய்ய வேண்டியிருக்கிறது என்ற தொனியில் பதில் சொன்னார். தனிக்கட்சிப் பிரதமர் ஒருவர் இந்தப் பதிலைச் சொல்லவே முடியாது. அமைச்சரைத் தேர்ந்தெடுத்தது கூட்டாளிக் கட்சி, அமைச்சரவைக்குத் தலைவர் பிரதமர். தவறு நடந்தால் யாருடையது? 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது, 2017-இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. இரண்டுக்கும் நடுவில், 2014-இல், வாக்காளர்கள் பழியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. காங்கிரஸுக்கு 44, தி.மு.க.வுக்குப் பூஜ்யம்.

ஆனால் தேர்தலுக்கும் தேர்தலுக்கும் நடுவில் கூட்டணிக்கு ஒரு வசதி இருக்கிறது. 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தபோது, பா.ஜ.க.வுக்குத் தனியாகவே 303 இடங்கள். பஞ்சாப் விவசாயிகளை நன்றாக அறிந்த அகாலி தளம் எதிர்த்தது, அதன் அமைச்சர் ஹர்சிம்ரத் கவுர் பாதல் ராஜினாமா செய்தார். எண்ணிக்கையில் எதுவும் மாறாததால் சட்டம் அப்படியே நிறைவேறியது. பிறகு டெல்லி எல்லையில் ஓராண்டு விவசாயிகள் உட்கார வேண்டியிருந்தது; 2021 நவம்பரில்தான் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

2024-இல் பா.ஜ.க. 240-க்கு இறங்கி, கூட்டாளிகளின் தயவில் ஆட்சி அமைத்தது. அந்த ஆகஸ்ட் 17-ஆம் தேதி, மத்திய அரசின் 45 உயர் பதவிகளுக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆளெடுக்க யு.பி.எஸ்.சி. விளம்பரம் கொடுத்தது. இடஒதுக்கீடு இல்லை என்று எதிர்க்கட்சிகள் குரல் எழுப்பின. அமைச்சரவைக்குள்ளேயே இருந்த சிராக் பாஸ்வானும் சேர்ந்துகொண்டார். 20-ஆம் தேதி விளம்பரம் ரத்தானது. அங்கே ஓராண்டு ஆனது, இங்கே மூன்று நாளில் முடிந்தது.

இதை வைத்துக் கூட்டாளிகள் எல்லோரும் ஜனநாயகக் காவலர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதே மாதம் வக்ஃப் மசோதா வந்தபோது அரசு அதைக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பியது, கூட்டாளிகள் கேட்ட சில திருத்தங்களும் சேர்ந்தன. 2025 ஏப்ரலில் மக்களவையில் அது 288-க்கு 232 என்று நிறைவேறியபோது, தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் சிராக் பாஸ்வானின் கட்சியும் அரசோடுதான் நின்றன. கூட்டாளி கேட்பது தன் வாக்காளருக்கு வலிக்கும் கேள்விகளை மட்டும்தான். மற்றவர்களுக்கு வலிப்பதைக் கேட்க எதிர்க்கட்சி வேண்டும், நீதிமன்றம் வேண்டும், சில நேரம் சாலையில் உட்கார ஆட்கள் வேண்டும்.