லாபம் வரும், தவணைக்கு வருமா?

பத்து கோடி ரூபாயில் ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளர் கைக்காசு மூன்று கோடி. மீதி ஏழு கோடி 10 சதவீத வட்டியில் வங்கிக் கடன். அசலை ஆண்டுக்கு ஒரு கோடியாக ஏழு ஆண்டில் கட்ட வேண்டும். வியாபாரிகள் மெல்ல மெல்லத்தான் சரக்கு கொண்டுவருவார்கள். அதனால் செலவு போகக் கையில் நிற்கும் ரொக்கம் முதலாண்டு 1.2 கோடி, அடுத்து 1.6, பிறகு 2 கோடி. நான்காம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரை 2.5 கோடி. வரியை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம்.

வருங்காலப் பணத்தை 12 சதவீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், போட்ட பத்து கோடி போக 1.89 கோடி மிஞ்சுகிறது. இதுதான் நிகர இன்றைய மதிப்பு, என்.பி.வி. உரிமையாளருக்கு இதுவே போதும்.

வங்கிக்குப் போதாது. முதலாண்டு அசல் ஒரு கோடி, வட்டி 70 லட்சம், ஆகக் கட்ட வேண்டியது 1.7 கோடி. கையில் இருப்பதோ 1.2 கோடி. இதை அதால் வகுத்தால் 0.71. இந்த விகிதத்தைத்தான் வங்கியில் டி.எஸ்.சி.ஆர். என்கிறார்கள். ஒன்றுக்குக் கீழே போனால் தவணைக்குப் பணம் இல்லை என்று பொருள். ஏழு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் இதே திட்டத்தின் சராசரி 1.51 என்று அழகாகத் தெரியும்! சராசரியை மட்டும் பார்ப்பது ஆபத்து. ஐந்தாம் ஆண்டின் உபரியை வைத்து முதலாண்டுத் தவணையைக் கட்ட முடியாது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன்.

இன்னொன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. கடன் அடைந்தபின் வரும் கடைசி மூன்று ஆண்டுப் பணத்தை மட்டும் நீக்கிப் பாருங்கள், என்.பி.வி. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதாவது திட்டத்தின் லாபம் முழுவதும் வங்கி கணக்கை முடித்த பிறகுதான் வருகிறது. அந்த லாபத்தில் வங்கிக்குப் பங்கும் கிடையாது.

இதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, தவணையை மாற்றினால் போதும். முதலாண்டு வட்டி மட்டும். இரண்டாம் ஆண்டு அசலில் 50 லட்சம், மூன்றாம் ஆண்டு 85 லட்சம். மீதியை அடுத்த ஐந்து ஆண்டில் சமமாகக் கட்டலாம். இப்போது மிகக் குறைந்த விகிதமே 1.33. எந்த ஆண்டிலும் ரொக்கம் கால் பங்கு குறைந்தாலும் தவணை நிற்காது. கிடங்கும் அதன் வருமானமும் அப்படியேதான் இருக்கின்றன, என்.பி.வி.யும் அதே 1.89 கோடிதான்.

ஆனால் கிடங்கு ஆறு மாதம் தாமதமாகத் திறந்தால் முதலாண்டு ரொக்கம் 60 லட்சமாகச் சுருங்கும், 70 லட்ச வட்டிக்கே அது போதாது. அதனால்தான் விண்ணப்பத்தைப் புரட்டும் மேலாளர், லாபக் கணக்குக்கு முன்னால் மின் இணைப்பு எந்த மாதம் கிடைக்கும் என்று கேட்கிறார்.