சரக்கு உள்ளே, பில் வெளியே

செப்டம்பர் 28. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையின் கேட்டில் லாரி நிற்கிறது. 500 வார்ப்புகள், ஒன்று 400 ரூபாய். ஸ்டோர்ஸில் எண்ணி இறக்கி, டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டு, கம்ப்யூட்டரில் ஜி.ஆர்.என். என்னும் சரக்கு வரவுச் சீட்டைப் பதிகிறார்கள். பில் இன்னும் வரவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில்தான் வரும்.

மாதக் கணக்கை 30-ஆம் தேதியோடு முடித்தாக வேண்டும். 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு கிடங்கில் இருப்பதால் அதைச் சொத்தாகக் காட்ட வேண்டும். அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய கடனும் எங்காவது நிற்க வேண்டும். பில் இல்லாமல் பார்ட்டியின் பெயரில் கடன் ஏற்ற முடியாது. இந்த இடைவெளிக்காகவே ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்.ஏ.பி. பயன்படுத்தும் நிறுவனங்களில் இதை ஜி.ஆர்.ஐ.ஆர். என்பார்கள். இ.ஆர்.பி.நெக்ஸ்ட் திரையில் இது Stock Received But Not Billed என்ற பெயரில் தெரியும். மற்ற இடங்களில் ஜி.ஆர்.என்.ஐ. என்ற பெயரே பழக்கம்.

இது வேலை செய்யும் விதம் எளிது. ஜி.ஆர்.என். போடும்போது சரக்குக் கணக்கில் 2 லட்சம் டெபிட், ஜி.ஆர்.என்.ஐ.யில் 2 லட்சம் கிரெடிட். பில்லைப் பதியும்போது ஜி.ஆர்.என்.ஐ.யில் 2 லட்சம் டெபிட் விழுந்து பழைய கிரெடிட்டை அடைத்துவிடும், கடன் பார்ட்டியின் கணக்குக்குப் போய்விடும். ஜி.எஸ்.டி. இந்தக் கணக்கின் வழியாகப் போவதில்லை. பில் கைக்கு வந்தால்தான் உள்ளீட்டு வரியை எடுக்க முடியும் என்பதால், அது பில் பதியும்போது தனியாக ஏறும். ஆகவே இந்தக் கணக்கில் கிரெடிட் நின்றால் சரக்கு வந்து பில் வரவில்லை என்று பொருள். டெபிட் நின்றால் பில் வந்து சரக்கு வரவில்லை. இரண்டும் வந்துவிட்டால் பூஜ்யம்.

மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் பிரிவு ட்ரையல் பேலன்ஸை எடுக்கிறது. கணக்கில் நிற்பது 1,99,000 ரூபாய் கிரெடிட். வார்ப்பு பில் 2 லட்சம் வர வேண்டியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வித்தியாசம் ஆயிரம் ரூபாய்தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்ந்துவிடத் தோன்றும். பல அலுவலகங்களில் நகர்ந்தும்விடுகிறார்கள். இந்தக் கணக்கில் ஏமாறும் இடம் இதுதான். மொத்த இருப்பை வைத்து இங்கே எதையும் முடிவுசெய்யக் கூடாது. ஒவ்வொரு பர்ச்சேஸ் ஆர்டரையும், அதற்குள் ஒவ்வொரு வரியையும் தனியாகப் பிரித்து, வந்த எண்ணிக்கை எவ்வளவு, பில்லான எண்ணிக்கை எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எஸ்.ஏ.பி.யில் MB5S என்று தட்டினால் இந்தப் பட்டியல் வரும்.

பட்டியல் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் கூட்டுத்தொகை லெட்ஜர் இருப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ ஆர்டரைத் தொடாமல் நேராக இந்தக் கணக்கில் ஜர்னல் போட்டிருக்கிறார்கள். கையால் போடும் ஜர்னலுக்கு இந்தக் கணக்கைப் பூட்டி வைக்கும் நிறுவனங்களில் இந்தத் தலைவலி பெரும்பாலும் வருவதில்லை.

நமது தொழிற்சாலையில் கூட்டுத்தொகை ஒத்துப்போகிறது. ஆனால் பட்டியலில் ஒரு வரி அல்ல, ஐந்து வரிகள் இருக்கின்றன.

முதல் வரி அந்த வார்ப்புகள். 2 லட்சம் கிரெடிட். ஜி.ஆர்.என். போட்டு இரண்டே நாள் ஆகிறது, இது நியாயமான பாக்கி. இரண்டாவது வரி மெக்கானிக்கல் சீல்கள், 60,000 ரூபாய் டெபிட். சரக்கு 29-ஆம் தேதி விற்பவரின் இடத்திலிருந்து கிளம்பிவிட்டது, பில்லும் மெயிலில் வந்து பதிவாகிவிட்டது, லாரி மட்டும் இன்னும் வழியில். விற்பவரின் வாசலைத் தாண்டியதும் சரக்கு வாங்கியவருடையது என்று ஆர்டரில் இருப்பதால், இதுவும் நியாயமானதே. இதை வழியிலுள்ள சரக்கு என்று சொத்துப் பக்கம் காட்ட வேண்டும். முதல் வரியின் கடனிலிருந்து இதைக் கழித்து 1,40,000 என்று ஒரே எண்ணாகக் காட்டக் கூடாது. ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதற்கும் இன்னொருவரிடமிருந்து வர வேண்டியதற்கும் தொடர்பே இல்லை. எஸ்.ஏ.பி.யில் மாதக் கடைசியில் F.19 ஓட்டுவது இப்படிப் பிரித்துக் காட்டத்தான்.

மூன்றாவது வரி பேரிங். 1,000 பேரிங்குக்கு பில், ஒன்று 120 ரூபாய். ஸ்டோர்ஸ் எண்ணியது 950. ஐம்பது குறைந்ததால் 6,000 ரூபாய் டெபிட்டில் தொங்குகிறது. இது காலப்போக்கில் தானாக அடையாது. விற்பவர் மீதி ஐம்பதை அனுப்ப வேண்டும், அல்லது கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த பில்லுக்கு முழுத் தொகை போய்விடாமல் 6,000 ரூபாயை, அதற்கான வரியோடு சேர்த்து, நிறுத்தி வைப்பது நல்லது. வராத ஐம்பது பேரிங்குக்கு உள்ளீட்டு வரியும் எடுக்க முடியாது.

நான்காவது, ஐந்தாவது வரிகளில்தான் உண்மையான சிக்கல்.

நான்காவது வரி அட்டைப்பெட்டி. 400 பெட்டி, 20,000 ரூபாய் கிரெடிட், ஜூன் மாதத்திலிருந்து அப்படியே நிற்கிறது. பில்லைக் கேட்டு பார்ட்டிக்கு போன் போட்டால், “பில்லு அப்பவே டிரைவர்கிட்டயே குடுத்துவிட்டோம்ங்க, பணமும் வந்துருச்சுங்களே” என்கிறார். அவர் சொல்வது சரி. அந்த ஆர்டருக்கு இரண்டு ஜி.ஆர்.என். இருக்கிறது. பகல் ஷிப்டில் டெலிவரி சலானை வைத்து ஒன்று, மறுநாள் காலை பில் நகலை வைத்து இன்னொன்று. இரண்டையும் திறந்து பார்த்தால் லாரி எண்ணும் சலான் எண்ணும் ஒன்றே. கேட் ரிஜிஸ்டரில் லாரி வந்தது ஒரே தடவை.

இங்கே அவசரப்பட்டு வரவு எழுதுவது பெரிய தவறு. நான்கு மாதமாக யாரும் கேட்காத கடன்தானே என்று 20,000 ரூபாயை இதர வருமானத்துக்குத் தள்ளினால், இல்லாத லாபம் ஒன்று முளைக்கும். சரக்குக் கணக்கிலோ இல்லாத 400 பெட்டிகள் இருந்துகொண்டே இருக்கும். என்றைக்காவது ஸ்டாக் எண்ணும்போது பெட்டி குறைகிறது என்று நஷ்டம் எழுதுவார்கள், ஸ்டோர்ஸ்காரர் மீது சந்தேகம் விழும். எஸ்.ஏ.பி.யில் MR11 கொடுத்து மிச்சத்தை அடைப்பதிலும் இதே போன்ற ஆபத்து உண்டு. ரூபாய் அடையும், எண்ணிக்கை குறையாது. சரியான வழி, இரண்டாவது ஜி.ஆர்.என்.ஐ ரத்து செய்வது. எண்ணிக்கையும் மதிப்பும் கடனும் ஒரே பதிவில் சரியாகிவிடும்.

ஐந்தாவது வரி மோட்டார் ஷாப்ட், 45,000 ரூபாய் கிரெடிட், ஜூலை மாதத்தது. இதற்கும் பணம் போய்விட்டது. ஆனால் ஜி.ஆர்.என். ஒன்றுதான், சரக்கும் முழுதாக வந்திருக்கிறது. பார்ட்டியின் லெட்ஜரைத் திறந்தால் விஷயம் தெரிகிறது. அவர் அனுப்பிய பில்லில் ஆர்டர் எண் இல்லை. பதிந்தவர் ஆர்டரைத் தேடாமல் நேராகக் கொள்முதல் செலவில் டெபிட் போட்டு பார்ட்டிக்கு வரவு வைத்துவிட்டார். ஜி.ஆர்.என். வழியாக ஒரு தடவை சரக்கில் ஏறி, பம்ப்பில் பொருந்தி, விற்ற பம்ப்பின் அடக்க விலையில் செலவாகிப் போன அதே ஷாப்ட், இரண்டாவது தடவையும் செலவாகியிருக்கிறது. ஜூலை லாபம் 45,000 ரூபாய் குறைவாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஜி.ஆர்.என்.ஐ.யில் டெபிட், கொள்முதல் செலவில் கிரெடிட் என்று திருத்தினால் இது சரியாகும். பெட்டிக்குச் செய்ததுபோல் ஜி.ஆர்.என்.ஐ ரத்து செய்தால் வந்த சரக்கையே வரவில்லை என்று சொன்னதாகும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பழைய கிரெடிட்டுகளுக்கு இரண்டு வேறு மருந்து. அதனால்தான் காகிதத்தைப் பார்க்காமல் எந்த வரியையும் அடைக்கக் கூடாது.

இப்போது கூட்டிப் பார்த்தால், கிரெடிட் 2,65,000, டெபிட் 66,000, மிச்சம் 1,99,000. ஆயிரம் ரூபாய் வித்தியாசம் என்று தெரிந்த எண்ணுக்குள் இருந்தது 65,000 ரூபாய்ப் பொய்க் கடனும், அதை மறைத்துக்கொண்டிருந்த 66,000 ரூபாய் டெபிட்டும். பெட்டி, ஷாப்ட் இரண்டையும் திருத்திய பிறகு கடனாக 2 லட்சமும், வழியிலுள்ள சரக்காக 60,000 ரூபாயும், பேரிங் பார்ட்டியிடமிருந்து வர வேண்டியதாக 6,000 ரூபாயும் நிற்கும்.

பழைய வரிகளைத் தேடிப் பிடிக்க வயதுவாரியாகப் பிரிப்பது உதவும். முப்பது நாளுக்குள் இருப்பவை பெரும்பாலும் பில் தாமதம்தான். மூன்று மாதத்தைத் தாண்டிய எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பணம் வாங்க வேண்டிய ஒரு விற்பனையாளர் அத்தனை நாள் பில் கொடுக்காமல் இருப்பது அபூர்வம். இருந்தாலும் விட்டுவிட முடியாது. வார்ப்பு செய்து கொடுப்பவர் பதிவு பெற்ற சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. அந்த நாள் சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து ஓடுகிறது. பில்லை யாரோ மேசையில் வைத்து மறந்துவிட்டார்கள் என்பதற்காக அது நிற்காது. வட்டி ஏறும். சின்னப் பட்டறைக்காரர் ஒருவருக்கு அந்தப் பணம் அடுத்த வாரக் கூலியாக இருக்கக்கூடும் என்பதையும் இந்தப் பட்டியலைப் பார்ப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை பார்த்த பிறகும் இந்தப் பட்டியலுக்குத் தெரியாத ஒன்று உண்டு. 30-ஆம் தேதி மாலை கேட்டுக்குள் வந்து, தரப் பரிசோதனைக்காக ஓரமாக இறக்கி வைக்கப்பட்டு, ஜி.ஆர்.என்.னே போடப்படாத சரக்கு. அதற்கு வரவும் இல்லை, கடனும் இல்லை, பட்டியலில் வரியும் இல்லை. அதனால் மாதத்தின் கடைசி மூன்று நாள் கேட் ரிஜிஸ்டரை எடுத்து, உள்ளே வந்த ஒவ்வொரு லாரிக்கும் ஜி.ஆர்.என். இருக்கிறதா என்று டிக் அடித்துப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் 1, 2 தேதிகளில் போட்ட ஜி.ஆர்.என்.களின் சலான் தேதியையும் அதே போல் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 4-ஆம் தேதி வார்ப்பு பில் வந்து சேருகிறது. ஆர்டரில் 400 ரூபாய், பில்லில் 410. உயர்ந்த விலையை ஏற்பதாகக் கொள்முதல் மேலாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 500 எண்ணிக்கை ஒத்துப்போவதால் எஸ்.ஏ.பி. போன்ற மென்பொருள்களில் ஜி.ஆர்.என்.ஐ. 2 லட்சத்தோடு பூஜ்யமாகிவிடும். மேலே உள்ள 5,000 ரூபாய் இந்தக் கணக்கில் தங்காது. சராசரி விலையில் சரக்கை மதிப்பிடும் நிறுவனத்தில், வார்ப்பு இன்னும் கிடங்கில் இருந்தால் அது சரக்கின் மதிப்பில் சேரும். எடுத்துப் பயன்படுத்தியாகிவிட்டது என்றால் விலை வித்தியாசம் என்ற தலைப்பில் அக்டோபர் மாதச் செலவாகப் போகும்.