முதல் மாத்திரை ஏன் ஏமாற்றுகிறது?

இரவு ஒன்பது மணிக்கு வயிறு நிறைய மட்டன் பிரியாணி. ஒன்பதரைக்கு 50 மில்லிகிராம் சில்டெனாஃபில். பத்து மணிக்கு முயன்று பார்த்தால் பலனில்லை. “நமக்கு இந்த மருந்து கேட்காது” என்று அந்த ஐம்பது வயதுக்காரர் முடிவுகட்டிவிடுகிறார். விறைப்புக் குறைபாட்டுக்கு முதன்முறை மாத்திரை போடும் பலருக்கு இப்படித்தான் நேர்கிறது. ஆனால், அந்தப் பத்து மணிக்கு மருந்து இரத்தத்தில் போதிய அளவு கலந்திருக்கவே வாய்ப்பில்லை.

வெறும் வயிற்றில் போட்டால் சில்டெனாஃபில் சுமார் ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும். கொழுப்பு மிகுந்த சாப்பாடு அதை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடும். உச்ச அளவையும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்துவிடும். அப்படியானால் இவருக்கு உச்சம் பதினொன்றரை மணிக்குத்தான், அதுவும் குறைந்த வீரியத்தில். எட்டு மணிக்கே இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டு, ஒன்பதரைக்கு மாத்திரை போட்டு, பத்தரை வரை பொறுத்திருந்தால் நிலைமை வேறு. அவசரப்படவும் வேண்டியதில்லை, நான்கு மணி நேரம் வரை பலன் இருக்கும்.

டாடலாஃபில் என்ற இன்னொரு மாத்திரைக்குச் சாப்பாடு தடையில்லை. உச்சத்தை எட்ட இரண்டு மணி நேரம் ஆகலாம். பலன் 36 மணி நேரம் வரை நீடிக்கும்.

36 மணி நேரமும் விறைப்பு நிற்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆசை எழும்போது நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடுகின்றன. அதனால் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருள் உருவாகி, ஆண்குறியின் தசைகளைத் தளர்த்துகிறது. இரத்தம் உள்ளே நிறைகிறது. பிடிஇ5 என்ற நொதி அந்தப் பொருளைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆசையும் தொடுதலும் இல்லாமல் மாத்திரை மட்டும் எதையும் தொடங்கிவைக்காது.

முதல் இரவின் பதற்றமும் அதிகப்படியான மதுவும் பலனைக் கெடுக்கும். அதனால்தான் வெவ்வேறு நாட்களில் ஐந்தாறு முறையாவது சரியாக முயன்று பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். ஒரே நாளில் இரண்டாவது மாத்திரை போடக் கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயால் நரம்பு பழுதானவர்களுக்குப் பலன் குறையலாம். அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. தலைவலி, முகச் சிவப்பு, மூக்கடைப்பு ஆகியவை பெரும்பாலும் தானாகவே போய்விடும். விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான சேர்க்கை ஒன்று உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்துகள் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும். அவற்றை வைத்திருப்பவர் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மாத்திரை போட்ட பிறகு நெஞ்சுவலி வந்தால், எதை, எத்தனை மணிக்குப் போட்டோம் என்பதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரமும், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரமும் நைட்ரேட்டைத் தவிர்த்து, அவர்கள் வேறு வழியில் சிகிச்சை தருவார்கள்.