வலது என்றால் எது வலது?

1912 ஏப்ரல் 14, இரவு 11:40. வட அட்லாண்டிக் கடலில் டைட்டானிக் கப்பலின் முன்னே பனிப்பாறை இருப்பதைக் காவல் கூண்டில் இருந்தவர்கள் கண்டு மணியடித்தார்கள். பொறுப்பில் இருந்த முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் உடனே கட்டளையிட்டார்: "ஹார்ட் எ ஸ்டார்போர்ட்!" ஸ்டார்போர்ட் என்றால் கப்பலின் வலப்பக்கம். சக்கரத்தைப் பிடித்திருந்த ராபர்ட் ஹிச்சன்ஸ் கட்டளையை அப்படியே நிறைவேற்றினார். கப்பல் இடப்பக்கம் திரும்பியது.

யாரும் தவறு செய்யவில்லை. மர்டாக் விரும்பியதும் இடப்பக்கம் திரும்புவதைத்தான். வலப்பக்கத்தின் பெயரைச் சொல்லி இடப்பக்கம் திருப்பச் சொல்வது அந்தக் காலத்துக் கப்பல்களில் அன்றாட நடைமுறை. அதன் காரணம் விளங்க வேண்டுமானால், ஸ்டார்போர்ட் என்ற சொல் பிறந்த மரக்கப்பல்களின் காலத்துக்குப் போக வேண்டும்.

1880இல் நார்வேயின் கொக்ஸ்டாட் என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வைக்கிங் கப்பல் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 23 மீட்டர் நீளம். இன்றைய கப்பல்களில் சுக்கான் பின்புறத்தின் நட்ட நடுவில் இருக்கும். அந்தக் கப்பலில் அப்படி இல்லை. ஆள் உயரத்தைவிட நீளமான அகன்ற துடுப்பு ஒன்று, பின்பகுதியின் வலது விலாவில் பொருத்தப்பட்டிருந்தது. கப்பலைத் திருப்பியது அதுதான். பெரும்பாலானோருக்கு வலக்கை பழக்கம் என்பதால் துடுப்பும் வலப்பக்கம் அமைந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

பழைய ஆங்கிலத்தில் அந்தப் பக்கத்துக்கு 'ஸ்டியோர்போர்ட்' என்று பெயர். 'ஸ்டியோர்' என்பது திருப்புதல். இன்று நாம் ஸ்டியரிங் என்கிறோமே, அதே சொல். 'போர்ட்' என்பது பலகை, அதாவது கப்பலின் பக்கச் சுவர். திருப்பும் துடுப்பு இருக்கும் பக்கம் ஸ்டியோர்போர்ட் ஆகி, பிறகு ஸ்டார்போர்ட் என மருவியது. வானத்து நட்சத்திரத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜெர்மன்காரர்கள் இன்றும் வலப்பக்கத்தை 'ஷ்டொயர்போர்ட்' என்கிறார்கள்.

இடப்பக்கத்தின் கதை இன்னும் சுற்றி வளைத்துப் போகிறது. வலது விலாவில் துடுப்பு நீட்டிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கத்தைத் துறைமுகச் சுவரோடு ஒட்டி நிறுத்த முடியாது, துடுப்பு நசுங்கிவிடும். அதனால் கப்பலை எப்போதும் இடப்பக்கமாகவே கரையோடு அணைத்தார்கள். சரக்கு ஏற்றுவதும் அந்தப் பக்கமாகவே நடந்தது. சரக்கேற்றும் பக்கம் என்ற பொருளில் ஆங்கிலேயர் அதை 'லார்போர்ட்' என்றார்கள்.

ஸ்டார்போர்ட், லார்போர்ட். அமைதியான அறையில் சொன்னால் இரண்டும் வேறு வேறாகக் கேட்கும். புயல் காற்றில் பாய்கள் படபடக்க, மேல்தளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கத்தும்போது காதில் விழுவது கடைசிப் பாதி மட்டுமே, அதுவோ இரண்டுக்கும் ஒன்று. துறைமுகத்தை ஒட்டி நிற்கும் பக்கம் என்பதால் 'போர்ட்' என்ற சொல்லும் மாலுமிகளிடையே ஏற்கெனவே புழங்கி வந்தது. 1844இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, இனி லார்போர்ட் வேண்டாம், போர்ட் என்றே சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டது. 1846இல் அமெரிக்கக் கடற்படையும் அதே வழியில் சென்றது.

இத்தனை சிரமம் எதற்கு, இடது, வலது என்று சொல்லிவிட்டால் என்ன? பேருந்தில் பயணிகளைப் பார்த்து நிற்கும் நடத்துநரின் வலக்கைப் பக்கம், ஓட்டுநருக்கு இடக்கைப் பக்கம். கப்பலிலும் எல்லோரும் அணியத்தை, அதாவது முன்புறத்தைப் பார்த்தே நிற்பதில்லை. ஒருவர் பின்னால் வருவதைக் கண்காணிப்பார், ஒருவர் குனிந்து கயிறு இழுப்பார், ஒருவர் பாய்மரத்தின் உச்சியில் இருப்பார். இடதும் வலதும் ஆளின் உடலைச் சேர்ந்தவை. ஆள் திரும்பினால் அவையும் திரும்பிவிடும். போர்ட்டும் ஸ்டார்போர்ட்டும் கப்பலின் உடலைச் சேர்ந்தவை. பின்புறம் நின்று முன்புறத்தைப் பார்த்தால் இடக்கைப் பக்கம் இருப்பது போர்ட். அப்புறம் யார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது போர்ட்தான்.

இனி டைட்டானிக்குக்கு வரலாம். விலாவில் இருந்த துடுப்பு, இடைக்காலத்தில் பின்புறத்தின் நடுவுக்கு இடம் மாறிச் சுக்கான் ஆனது. அதைத் திருப்புவதற்கு ஒரு நீண்ட தண்டு கப்பலின் உட்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். தண்டை வலப்பக்கம் தள்ளினால், நீருக்குள் சுக்கான் இடப்பக்கம் திரும்பும். கப்பலும் இடப்பக்கம் போகும். சிறு படகைச் சுக்கான் பிடித்து ஓட்டியவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரிந்திருக்கும். கட்டளைகள் அந்தத் தண்டுக்கே இடப்பட்டன. 'ஸ்டார்போர்ட்' என்றால் 'தண்டை வலப்பக்கம் தள்ளு' என்று பொருள், கப்பலை அல்ல. பிறகு சக்கரம் வந்தது, நீராவி இயந்திரம் வந்தது, தண்டு யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போனது. கட்டளை மட்டும் மாறவில்லை.

விசாரணையில் ஹிச்சன்ஸ் சொன்னபடி, மோதுவதற்குள் கப்பல் இரண்டு 'பாயின்ட்' இடப்பக்கம் திரும்பியிருந்தது. திசைகாட்டியின் முழு வட்டம் 32 பாயின்ட்; இரண்டு பாயின்ட் என்றால் இருபத்திரண்டரை பாகை. அணியம் பனிப்பாறையைத் தாண்டி விலகியது. வலது விலா உரசியது. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கியது.

சில நாடுகளின் கப்பல்களில் கட்டளை நேரடியாகவும், சிலவற்றில் தலைகீழாகவும் இருந்ததால், நாடு மாறி வேலை பார்க்கும் மாலுமிகளுக்கும் துறைமுக வழிகாட்டிகளுக்கும் அது பெரும் ஆபத்தாக இருந்தது. 1929இல் லண்டனில் நடந்த கடல் பாதுகாப்பு மாநாடு, கப்பலின் தலை எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்தின் பெயரையே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தது. பிரிட்டிஷ் கப்பல்களில் 1933இல் அது நடைமுறைக்கு வந்தது.

இரவில் சொல் உதவாது, நிறம்தான் பேச வேண்டும். போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை விளக்கு. ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து தன் பக்கவாட்டில் நூற்றுப் பன்னிரண்டரை பாகை வரை மட்டுமே தெரியும்படி மறைத்துக் கட்டப்பட்டிருக்கும்.

இருட்டில் போகும் ஒரு கப்பலின் தளபதிக்குத் தன் வலப்பக்கம் தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மற்றொரு கப்பலின் இடது விலா. அப்படியானால் அது வலமிருந்து இடமாக இவருடைய பாதையைக் குறுக்கே கடக்கப் போகிறது. 1972இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதியின்படி, தன் ஸ்டார்போர்ட் பக்கம் மற்றொரு கப்பலைக் காண்பவரே விலக வேண்டும். முடிந்தவரை அதன் முன்னால் புகாமல் ஒதுங்க வேண்டும். எதிர்க் கப்பலுக்கோ இவருடைய வலது விலாவின் பச்சை தெரியும்; அது தன் வழியில், தன் வேகத்தில் போக வேண்டும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து நேர் எதிரே தெரிந்தால் இரண்டும் நேருக்கு நேர் வருகின்றன. அப்போது இரு கப்பல்களுமே ஸ்டார்போர்ட் பக்கம் திரும்ப வேண்டும். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பும் வலது நுனியில் பச்சையும் எரிவது கடலிலிருந்து கற்ற வழக்கம்.

விமானத்துக்குப் போனவை விளக்குகள் மட்டுமல்ல. 'போர்டிங் பாஸ்' என்பதில் உள்ள போர்டு, ஸ்டார்போர்டில் உள்ள அதே கப்பல் பலகைதான். 'பைலட்' என்ற சொல், துடுப்பைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்தது. விமானம் பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே கப்பலுக்கு வழிகாட்டுபவரின் பெயர் அது. சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்களில், கயிற்று ஏணியில் ஏறிப் போய் உள்ளே அழைத்து வருபவர் இன்றும் பைலட்தான்.

கணினியில் 'லாக் இன்' செய்யும்போது கடலை யாரும் நினைப்பதில்லை. லாக் என்பது ஒரு மரத்துண்டு. வேகம் அறிய, ஈயம் பொருத்திய ஒரு மரப்பலகையை நீண்ட கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்னால் எறிவார்கள். பலகை நீரில் செங்குத்தாக நின்றுவிடும், கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருளையிலிருந்து ஓடும். கயிற்றில் ஏறத்தாழ 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு. 28 விநாடியில் காலியாகும் மணற்கடிகாரத்தை ஒருவர் கவிழ்த்துப் பிடிக்க, இன்னொருவர் கையில் நழுவும் முடிச்சுகளை எண்ணுவார். ஆறு முடிச்சு போனால் மணிக்கு ஆறு கடல் மைல், அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்', அதாவது முடிச்சு என்று சொல்வது இதனால்தான்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. அது நீரை ஒப்பிட்டே வேகத்தைச் சொல்லும். நீரோட்டமே கப்பலையும் பலகையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனால் கயிற்றுக்கு அது தெரியாது. எனவே அளவுகளை நேரத்தோடும் திசையோடும் காற்றோடும் ஒரு புத்தகத்தில் எழுதிவைத்து, ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்தார்கள். அது லாக்புக். வண்டி ஓட்டுநர் எழுதும் லாக்புக்கும், கணினி தன்னுள் எழுதிக்கொள்ளும் லாக்கும், அதில் பெயரைப் பதிந்து நுழையும் லாக் இன்னும் அதன் வழித்தோன்றல்கள்.

இருசக்கர வாகனப் பட்டறைகளில் கேட்கும் 'ஓவராயிலிங்' என்பதற்கும் எண்ணெய்க்கும் உறவில்லை. பாய்க் கயிறுகளை உருளைகளின் வழியாக இழுத்துத் தளர்த்துவதை ஆங்கில மாலுமிகள் 'ஓவர்ஹால்' என்றார்கள். இழுக்கும்போது கயிற்றில் தேய்மானம் எங்கே என்பது கண்ணில் படும். அதிலிருந்து பிரித்துப் பார்த்துச் சரிசெய்தல் என்ற பொருள் வந்தது.

தமிழ்ப் பேச்சில் கடலின் பங்கு இதற்குக் குறைந்ததல்ல. பணமில்லாமல் நின்றுபோன வேலை 'கரை தட்டுகிறது'. கடைசி மகளுக்குத் திருமணம் முடித்தவர் 'ஒரு வழியாகக் கரையேறினேன்' என்கிறார். கவலையோடு இருப்பவரிடம் 'கப்பலா கவிழ்ந்துபோச்சு?' என்று கேட்கிறோம். நாலு பேருக்குத் தெரிந்துவிட்ட மானம் கப்பலேறுகிறது. சுக்கான், மாலுமி ஆகியவை அரபியிலிருந்தும், நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் வணிகக் கப்பல்களோடு தமிழுக்கு வந்தவை.

தமிழும் ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி மீன் பிடிக்கப் போகும் மிதவைகளைக் 'கட்டமரான்' என்று குறிப்பிட்டார். பின்னர் அந்தப் பெயர் இணையாகப் பிணைத்த இரண்டு ஓடுகள் கொண்ட கப்பல்களுக்குப் போனது. அலுமினிய உடலும் அதிவேக இயந்திரமுமாக நூற்றுக்கணக்கான பயணிகளையும் கார்களையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் இன்றைய பயணக் கப்பல்கள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வகைப்பெயர் கட்டுமரம்தான்.