அழைத்துவிட்டு மௌனமா?

“அலெக்சா” என்று கேட்டதும் எக்கோ கருவியில் நீல விளக்கு எரியும். அதன்பின் யாருமே பேசாவிட்டால்? அழைத்தவர் சொல்ல வந்ததை மறந்திருக்கலாம். டிவியில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். இரண்டாவது காரணம்தான் என்றால், “என்ன வேண்டும்?” என்று கருவி கேட்பது வீட்டாருக்குத் தொல்லை. அதனால் சில விநாடி காத்திருந்து, விளக்கை அணைத்துவிட்டு ஓய்வதே நல்லது. பேச்சு பாதியில் நின்றிருந்தால் மட்டும் ஒருமுறை சுருக்கமாகக் கேட்கலாம்.

கருவியே கேள்வி கேட்டிருந்தால் கதை வேறு. அலெக்சாவின் ‘ஸ்கில்’ செயலிகளில் சுமார் 8 விநாடி பதில் வராவிட்டால், கேள்வி ஒருமுறை திரும்பக் கேட்கப்படும். அப்போதும் மௌனம் என்றால் உரையாடல் முடிந்துவிடும். டிவி அடிக்கடி எழுப்பிவிடுகிறதா? அழைப்புச் சொல்லை ‘எக்கோ’ என மாற்றிப் பாருங்கள்.