மாத்திரைக்கு அடங்காத நாற்றம்

மாதவிடாய் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். திடீரென்று ஒரு நாற்றம். வழக்கமான வெள்ளைப்படுதலின் வாடை இல்லை. இறைச்சி அழுகினால் வருமே, அப்படி. குளித்துவிட்டு வந்தாலும் சற்று நேரத்தில் மறுபடி வீசுகிறது. உள்ளாடையில் பழுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ கசிவு. டாம்பன் பயன்படுத்துகிற பெண்ணுக்கு இப்படி வந்தால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, கடைசியாக வைத்ததை எடுத்தோமா என்பதைத்தான்.

இதைக்கூடவா மறப்பார்கள் என்று தோன்றலாம். மகளிர் மருத்துவர்களுக்கு இது பழகிய சங்கதி. நீச்சல் குளத்துக்குப் போகிற இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாயின் கடைசி நாள். உதிரம் குறைவு என்பதால் காலையில் வைத்த டாம்பன் உள்ளே இருப்பதே நினைவில்லை. தண்ணீரில் இறங்குமுன் அவசரமாக இன்னொன்றை வைக்கிறாள். புதியது பழையதை மேலே தள்ளிவிடுகிறது. மாலையில் கையில் தட்டுப்பட்ட நூலைப் பிடித்து இழுக்கிறாள், ஒன்று வருகிறது. வேலை முடிந்ததாக நினைக்கிறாள். டாம்பன் உள்ளே இருக்கும்போதே உடலுறவு நடந்தாலும் இதே கதைதான்.

மேலே தள்ளப்பட்டது எங்கே போகும்? யோனியின் மேல்முனையில் கருப்பை வாய் சற்றே துருத்திக்கொண்டிருக்கும். அதன் பின்பக்கப் பள்ளத்தில் டாம்பன் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். நூலும் கூடவே சுருண்டுவிடும். அதற்கு மேல் அது போக வழியில்லை. கருப்பை வாயின் துளை டாம்பன் நுழைய முடியாத அளவுக்குச் சிறியது. ஆகவே வயிற்றுக்குள் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் இரத்தம் ஊறிய பஞ்சு, உடல் சூடு, காற்றோட்டமில்லாத இடம் மூன்றும் சேர்ந்தால், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகும். நாற்றம் அவற்றின் வேலை.

நம் பெண் என்ன செய்வாள்? மருந்துக்கடையில் ‘வெள்ளைப்படுது’ என்று சொல்லி மாத்திரை வாங்குவாள். நாற்றம் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்து, மருந்து நின்றதும் திரும்பும். பஞ்சு உள்ளே இருக்கிறவரை இப்படித்தான். மருத்துவரிடம் போனாலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், உள்பரிசோதனையே செய்யாமல் மருந்து எழுதித் தருகிற வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. என் பார்வையில் இந்தத் தயக்கம்தான் வியாதியை நீட்டிக்கிறது. ‘டாக்டர், நான் டாம்பன் வைப்பேன், ஒன்று உள்ளே தங்கியிருக்குமோ என்று சந்தேகம்’ என்று நாமே சொல்லிவிட்டால் வேலை பாதி முடிந்தது.

மீதிப் பாதியும் சிறியதுதான். ஸ்பெகுலம் என்ற கருவியால் யோனியை விரித்து, விளக்கொளியில் பார்த்து, நீண்ட இடுக்கியால் பிடித்து எடுப்பார்கள். எடுத்த கணத்தில் அறையே நாறும் என்பதால், அனுபவமுள்ள மருத்துவர் அதைக் கையுறைக்குள்ளேயே சுருட்டி முடிச்சுப் போடுவார், அல்லது தண்ணீருள்ள பாத்திரத்தில் அமிழ்த்தி மூடுவார். துண்டு ஏதும் மிஞ்சவில்லை என்றும் பார்ப்பார். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. சில நாளில் கசிவும் வாடையும் போய்விடும்.

வீட்டிலேயே முயலலாமா? முயலலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குத்தவைத்து உட்கார்ந்து, மலம் கழிக்க முக்குவதுபோல் மெதுவாக முக்கிக்கொண்டே விரலால் துழாவிப் பார்க்கலாம். எட்டவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். இடுக்கி, கொக்கி எதுவும் கூடாது. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் கூடாது.

நாற்றத்தைச் சகித்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாததற்கு இன்னொரு காரணம், நச்சு அதிர்ச்சி நோய். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நஞ்சு இரத்தத்தில் கலப்பதால் வருவது. 1980இல் அமெரிக்காவில் இந்நோய் பலரைத் தாக்கியபோது, அதிகம் உறிஞ்சும் ‘ரிலை’ என்ற டாம்பனைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். மிக அரிதான நோய்தான். ஆனால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். இதற்கு நாற்றம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. திடீர்க் கடுங்காய்ச்சல், வாந்தி, பேதி, வெயிலில் கருகியதுபோல் சிவந்த தோல், எழுந்தால் தலைசுற்றல் என்று தெரிந்தால், டாம்பன் உள்ளே இருப்பின் உடனே எடுத்துவிட்டு, எட்டாவிட்டால் அப்படியே, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே முதல் வார்த்தையாக டாம்பனைப் பற்றிச் சொல்லுங்கள்.

எந்த டாம்பனும் எட்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. புதியதை எடுக்குமுன் பழையதன் நூலைத் தேடுங்கள். மாதவிடாய் முடிகிற நாளில் இன்னொரு முறையும் தேடுங்கள்.