மாடிப்படியில் நான்கு குரல்கள்

பாரிஸை ஒட்டிய சாந்-தெனி. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரவு 9 மணி, லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாம் மாடிப் படியில் யாசின், கெவின் என்று இரண்டு பையன்கள், இருவருக்கும் வயது 17. கீழே வாசலில் போலீஸ். சத்தம் கேட்டு, எழுபதைத் தாண்டிய மதாம் ஜினெத் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். போலீஸ்காரர் ஒருவர் மேலே ஏறி வருகிறார்.

பேச்சுவழக்கு வசனத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவது எப்படி என்று யாராவது கேட்டால், நான் எடுத்துப் போடும் காட்சி இது. இதற்காகவே பிரெஞ்சில் எழுதிவைத்தேன். பத்துப் பன்னிரண்டு வரிதான் வசனம். ஆனால் முதல் வரியிலேயே கால் இடறும்.

முதல் வரியில் யாசின் போலீஸை ‘கெஃப்’ என்கிறான். ‘ஃப்ளிக்’ என்பது போலீஸுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கொச்சைச் சொல். அதன் கடைசியில் இருக்கும் ‘க்’ ஒலியை முன்னால் இழுத்து, வாலை நறுக்கினால் ‘கெஃப்’. இப்படிச் சொல்லைத் திருப்பிப் போட்டுப் பேசும் வழக்குக்கு வெர்லான் என்று பெயர். ‘தலைகீழ்’ என்று பொருள்படும் ‘லான்வெர்’ என்ற சொல்லையே திருப்பிப் போட்டு வந்த பெயர் அது. பெண்ணைக் குறிக்கும் ‘ஃபாம்’ இப்படித்தான் ‘மெஃப்’ ஆனது. சந்தேகத்துக்குரிய ஆளைச் சொல்லும் ‘லூஷ்’, ‘ஷெலூ’ ஆனது.

உடனே நமக்குச் சின்ன வயதில் பேசிய ‘க’ பாஷை நினைவுக்கு வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு ‘க’ போட்டுப் பெரியவர்களுக்குப் புரியாமல் பேசுவோமே, அதுதான். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் அது விளையாட்டு, ரகசியம். ‘கெஃப்’ ரகசியம் இல்லை. ‘மெஃப்’ அகராதியிலேயே ஏறிவிட்டது. யாசின் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை, அவன் பேச்சே அப்படி. திருப்பிப் போடும் வேடிக்கை தமிழில் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ‘ஷெலூ’வுக்கு நம்மிடம் ‘ஒரு மாதிரி’ இருக்கிறது. ‘ஆளே ஒரு மாதிரி’ என்றால் போதும், விளக்கம் வேண்டாம்.

அடுத்த சபலம் சென்னைத் தமிழ். முதல் வரைவில் பையன்கள் இருவரையும் ‘இன்னா மச்சி, கீய மாமா நிக்கறான்’ என்று பேசவைத்தேன். படிக்கச் சரளமாகத்தான் இருந்தது. வாசித்துக் காட்டியபோது நண்பர் ஒருவர் கேட்டார்: “இது வியாசர்பாடியில நடக்குதா?” அதோடு அந்த வரைவைக் கிழித்தேன். வட்டார வழக்கு ஊரையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிடும். ‘ஏட்டு’ என்று எழுதினால் போலீஸ்காரருக்குத் தமிழ்நாட்டுக் காக்கிச் சட்டை ஏறிவிடும். கதை சாந்-தெனியில் நடக்க வேண்டுமென்றால் பையன்கள் பேசும் தமிழுக்கு வயது தெரியலாம், ஊர் தெரியக் கூடாது.

அப்படியானால் ‘கெஃப்’பை என்ன செய்வது? இங்கேதான் தமிழ் கைகொடுத்தது. பிரெஞ்சு அந்த இளக்காரத்தைப் பெயர்ச்சொல்லில் வைக்கிறது. தமிழில் அதை வினைமுற்றில் வைக்கலாம். மனிதரை அஃறிணையாக்கி ‘நிக்குதுங்க’ என்றால் போதும், போலீஸ் என்ற சொல்லே தேவையில்லை. ஜினெத் அதே ஆட்களை ‘ஃப்ளிக்’ என்பார். அது அவர் தலைமுறைச் சொல். கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் பழக்கம். அவருக்கு ‘போலீஸ்காரனுங்க’ பொருந்தியது.

பிறகு ‘வல்லா’. அரபியிலிருந்து வந்த சத்தியம். தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் ‘வல்லாஹி’ உண்டு என்பதால் யாசினுக்குச் சிக்கலே இல்லை. ஆனால் கெவினும் அதையேதான் சொல்கிறான். பாரிஸின் புறநகர்களில் எந்த மதத்துப் பையனானாலும் ‘வல்லா’ என்பான். கெவினுக்கு ‘சத்தியமா’ என்று எழுதினால், ஒரே படியில் உட்கார்ந்து ஒரே பேச்சைப் பேசும் இரண்டு பேரை மதம் பார்த்துப் பிரித்தவன் ஆவேன். இருவருக்கும் ‘வல்லாஹி’ என்றே வைத்தேன். வாசகர் ஒரு கணம் புருவத்தை உயர்த்துவார், உயர்த்தட்டும்.

இதெல்லாம் சொல் சம்பந்தப்பட்ட சிக்கல். என்னை ரொம்ப நாள் படுத்தியது கொச்சையே இல்லாத ஒரு வரி. போலீஸ்காரர் யாசினிடம் அடையாள அட்டையைக் கேட்கும்போது, மரியாதைப் பன்மையான ‘வூ’வை விட்டுவிட்டு ‘த்யூ’ என்கிறார், அதாவது ‘நீ’. போலீஸார் பொதுமக்களை ‘வூ’ போட்டுத்தான் பேச வேண்டும் என்று பிரான்ஸின் போலீஸ் நடத்தை விதியில் 2014 ஜனவரி 1 முதல் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த ‘த்யூ’வில் ஒரு விதிமீறல் இருக்கிறது, பிரெஞ்சு வாசகருக்கு அது சுருக்கென்று தைக்கும். நமக்குத் தைக்காது. போலீஸ்காரர் ஒரு பையனை ‘நீ’ என்பதில் தமிழ் வாசகருக்கு என்ன ஆச்சரியம்? ‘டேய்’ என்று எழுதினால் உறைக்கும். ஆனால் மூலத்தில் அவர் திட்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

அந்த வரியைத் தனியாக வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்று பிறகுதான் புரிந்தது. அதற்கு முந்தைய வரியில் அவர் ஜினெத்திடம் பேசுகிறார். அங்கே மரியாதையை ஒரு பிடி கூட்டிவைத்தால், அடுத்து வரும் ‘நீ’ தானாகவே கீழே விழும். அதே கணக்குதான் யாசினுக்கும். கெவினிடம் ‘வல்லாஹி’ என்பவன், கிழவியிடம் ‘நிஜமாத்தான்’ என்கிறான். பிரெஞ்சிலும் அவன் அவரிடம் ‘வூ’தான் போடுகிறான். இதைக் கவனிக்காமல் எல்லோரிடமும் அவனை ஒரே மாதிரி பேசவிட்டால் அவன் வெறும் ரவுடிப் பையன் ஆகிவிடுவான்.

ஜினெத்தை அவன் எப்படி அழைப்பது என்றும் யோசித்தேன். நம் ஊர்ப் பையன் ‘பாட்டி’ என்பான். பிரெஞ்சில் இல்லாத உறவு அதில் ஒட்டிக்கொள்ளும். ‘மேடம்’ என்றால் ஆபீஸ் வாடை. புதுச்சேரிக்காரர்களுக்குப் பழகிய ‘மதாம்’ இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. பிரெஞ்சுப் பேச்சில் எதிர்மறையின் ‘ன’ விழுந்துவிடும். அது கொச்சை இல்லை, வக்கீலும் டாக்டரும்கூட அப்படித்தான் பேசுகிறார்கள். நம் ‘தெரியல’ மாதிரி. அதைப் பார்த்துவிட்டுக் கதாபாத்திரத்தைப் படிக்காதவர் ஆக்கிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

கடைசியாக ஒரு சோதனை. பேசுபவர் பெயர்களை எடுத்துவிட்டு யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்வேன். எந்த வரி யாருடையது என்று அவர் தடுமாறினால் திரும்ப உட்கார வேண்டியதுதான். நான்காம் வரைவு இப்படி நின்றது:

“கீழ நிக்குதுங்க, பாத்தியா?”

“எத்தனை?”

“ரெண்டு. ஒருத்தன் ஆளே ஒரு மாதிரி இருக்கான், வல்லாஹி.”

“நான் ஒண்ணும் பண்ணல. வல்லாஹி.”

“மறுபடியும் போலீஸ்காரனுங்களா? என்ன கூத்து அடிச்சு வெச்சீங்க, கண்ணுங்களா?”

“ஒண்ணுமில்ல மதாம். நிஜமாத்தான் சொல்றேன்.”

“வணக்கம் மதாம். தயவுசெஞ்சு நீங்க உள்ள போங்க. நீ, அடையாள அட்டையை எடு.”

“அவங்கள ‘நீங்க’ன்னீங்க. என்னை மட்டும் எதுக்கு ‘நீ’ங்கறீங்க?”

“ரொம்பப் பேசாத. அட்டை.”

“பையன் கேக்கறானில்ல, பதில் சொல்லுங்களேன். நான் உள்ள போறதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”